நிறுக்கப்படாத குழந்தையின் நிறை: மலையகத் தோட்டத்துறைத் தரவுகளில் 9996 என்னும் எண்

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் பிறக்கும் குழந்தைகள் நாட்டின் ஏனைய குழந்தைகளைவிட நிறை குறைந்தும் வளர்ச்சி குன்றியும் இருப்பதை அரசின் சொந்த அளவீடுகளே நெடுங்காலமாகக் காட்டிவருகின்றன. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய 2006/07 குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டில், தோட்டத்துறையின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 40 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 2016 அளவீட்டில் அது சுமார் 32. இரண்டு ஆண்டுகளிலும் தேசிய அளவு 17ஐ ஒட்டியே நின்றது. பிறப்பு நிறையிலும் இதே இடைவெளிதான்: 2006/07இல் தோட்டத்துறையில் 2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்தோர் நூற்றுக்கு 31 அளவில் இருக்க, தேசிய அளவு 17 அளவில் இருந்தது.

இத்தகைய அளவீடுகளின் மூலத்தரவுக் கோப்பை ஒருவர் குறியேட்டைப் பார்க்காமல் கணினியில் ஏற்றித் துறைவாரியாகப் பிறப்பு நிறையின் சராசரியை எடுத்தால், நாட்டிலேயே கனமான குழந்தைகள் தோட்டத்தில்தான் பிறக்கிறார்கள் என்ற முடிவு வரக்கூடும். அப்படி வருவதற்கு யாரும் பொய் எழுத வேண்டியதில்லை. நூறு குழந்தைகளில் நான்கு குழந்தைகள் நிறுக்கப்படாமல் விடப்பட்டிருந்தால் போதும்.

அறியப்படாத அளவுக்குப் பதிலாக எழுதப்படும் 99, 999, 9996 போன்ற விடுபாட்டுக் குறியெண்கள் சராசரியையும் இணைபையும் எப்படி இழுக்கின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள். குறியெண்ணால் பிழை நேரும் என்பது புதுச் செய்தி அல்ல. புள்ளிவிபரவியலின் முதலாண்டு மாணவரும் அறிவார். நான் வாதிடுவது வேறொன்று. மலையகத் தரவில் இந்தப் பிழை எல்லாத் திசையிலும் சிதறும் பிழையாக இருக்காது. பராமரிப்பு எட்டாத இடத்தில்தான் அளவும் விடுபடுகிறது. விடுபட்ட அளவு மிகப் பெரிய எண்ணாக எழுதப்படுகிறது. ஆகவே பராமரிப்பின்மை நல்ல உடல்நிலையாகக் கணக்கில் ஏறுகிறது. இந்தச் சாய்வைத் தேசிய அளவில் செய்யப்படும் எந்தச் சரிபார்ப்பும் கண்டுபிடிக்காது.

குறியேட்டில் உள்ளது

உலகெங்கும் ஒரே அச்சில் நடத்தப்படும் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீடுகள் 1984இல் தொடங்கின. இலங்கை அவற்றில் 1987இலேயே சேர்ந்தது. போர்ச் சூழலால் வடக்கும் கிழக்கும் அந்த ஆண்டு விடப்பட்டன. அதன்பின் 1993, 2000, 2006/07, 2016 ஆண்டுகளில் திணைக்களம் இவ்வளவீட்டை நடத்தியது. நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறைகளாகப் பிரிப்பது இலங்கைக்கே உரிய வழக்கம். இருபது ஏக்கரும் அதற்கு மேலும் பரப்பும், பத்தோ அதற்கு மேலோ வதியும் தொழிலாளரும் உள்ள பெருந்தோட்டமே தோட்டத்துறை. நாட்டின் மக்களில் நூற்றுக்கு நான்கைந்து பேரே இதில் அடங்குவர். நுவரெலியா மாவட்டத்திலோ பாதிக்கு மேல். முதல் விகிதம் பின்னால் தேவைப்படும்.

அவ்வச்சுக் கோப்பில் பிறப்பு நிறைக்கான மாறியின் பெயர் m19. நிறை கிராமில் நான்கு இலக்கமாக எழுதப்படும். குழந்தை நிறுக்கப்படவில்லை என்றால் 9996. நிறுத்தார்கள், ஆனால் தாய்க்கு நினைவில்லை என்றால் 9998. விடையே பதியப்படவில்லை என்றால் பழைய கோப்புகளில் 9999. உயரம் மில்லிமீற்றரில் எழுதப்படும். பிள்ளை வீட்டில் இல்லாவிட்டால் 9994. ஹீமோகுளோபின் ஒரு தசமத்தைப் புள்ளியின்றி எழுதும் வழக்கத்தால் 11.5 என்பது 115 ஆகும். பிள்ளை இல்லாவிட்டால் 994. வயதுக்கேற்ற உயரத்தின் நியமப் புள்ளி நூறால் பெருக்கி எழுதப்படும். −2.00 என்பது −200. நம்பத்தகாத அளவு என்று ஒதுக்கப்பட்டால் 9998.

இவை ஏன் ஒன்பதுகளாக இருக்கின்றன என்பதற்கு வரலாறு உண்டு. துளையட்டைக் காலத்தில் ஒரு நிரலில் ஓர் இலக்கமே இருக்கும். நிரலை வெறுமையாக விட்டால் போர்ட்ரான் நிரல் அதைப் பூச்சியமாகப் படித்துவிடும். ஆகவே அந்த அகலத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண்களை, உண்மை அளவு எட்டாத உயரத்தில், விடுபாட்டுக்கு ஒதுக்கினார்கள். 1968இல் வெளிவந்த எஸ்.பி.எஸ்.எஸ். போன்ற மென்பொருள்கள், எந்த எண்கள் விடுபாட்டைக் குறிக்கின்றன என்று அறிவித்துக்கொள்ள இடம் தந்தன. அந்த அறிவிப்பு கோப்பின் உள்ளே இருக்கும்வரை பாதுகாப்பு உண்டு. கோப்பை வெறும் காற்புள்ளிப் பட்டியலாக மாற்றி நண்பருக்கு அனுப்பும்போது எண்கள் மட்டும் போய்ச் சேர்கின்றன, அறிவிப்பு வழியில் விழுந்துவிடுகிறது. திணைக்களத்தின் வெளியிடப்பட்ட அறிக்கைகளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவை குறியேட்டை அறிந்தவர்களால் தயாரிக்கப்படுபவை. ஆபத்து இரண்டாம் கையில், மூன்றாம் கையில் இருக்கிறது.

நூற்றுக்கு நான்கு

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆயினும் அறிக்கைகள் தரும் நிலவரத்துக்கு அருகில் இருக்கும்படி தெரிவுசெய்துள்ளேன். தோட்டத்துறையில் பிறப்பு நிறையின் உண்மைச் சராசரி 2,700 கிராம், கிராமத்துறையில் 2,950 கிராம், இரண்டிலும் நியம விலகல் 450 கிராம் என்க. இயல்நிலைப் பரம்பலாக எடுத்தால், 2,500க்குக் கீழே தோட்டத்தில் நூற்றுக்கு 33 பேரும் கிராமத்தில் 16 பேரும் வருவர்.

இனி நிறுக்கப்படாதோர். தோட்டத்தில் நூற்றுக்கு 4, கிராமத்தில் ஆயிரத்துக்கு 2 என்று வைப்போம். மருத்துவமனைக்குப் போகும் வழியில் லொறியிலோ லயத்து அறையிலோ நேரும் பிறப்புகள், பிறந்த சிறிது நேரத்திலேயே இறந்த குழந்தைகள் ஆகியவையே இந்த வகையில் பெரும்பாலும் சேரும். தெருவிலிருந்து மேற்கணக்குக்குச் செங்குத்தாக ஏறும் தோட்டப் பாதையை அறிந்தவருக்கு, இவ்விரு விகிதங்களும் ஏன் சமமாக இருக்காது என்று சொல்லத் தேவையில்லை.

9996ஐ நிறை என்றே நம்பிக் கூட்டினால் தோட்டத்தின் சராசரி 0.96 × 2,700 + 0.04 × 9,996, அதாவது 2,992 கிராம். கிராமத்தின் சராசரி 0.998 × 2,950 + 0.002 × 9,996, அதாவது 2,964 கிராம். 250 கிராம் பின்னால் நின்ற தோட்டம் 28 கிராம் முன்னால் வந்துவிட்டது. கவனிக்க வேண்டியது, 2,992 என்பது நம்ப முடியாத எண் அல்ல. மூன்று கிலோவை ஒட்டிய சராசரி எந்த நாட்டு அட்டவணையிலும் அமைதியாக உட்கார்ந்திருக்கும். தோட்டச் சுகாதாரம் முன்னேறிவிட்டது என்று அதன்மேல் ஒரு பத்தி எழுதினாலும் வாசகர் சந்தேகிக்கமாட்டார்.

இப்போது தேசியச் சராசரியைப் பார்ப்போம். பிறப்புகளில் தோட்டத்தின் பங்கு நூற்றுக்கு 5 என்றும் மிகுதி அனைத்தும் கிராமம் போன்றது என்றும் எடுத்தால், உண்மைச் சராசரி 2,937 கிராம். குறியெண் கலந்த சராசரி 2,965 கிராம். வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. முந்தைய அளவீட்டோடு தேசியச் சராசரியை ஒப்பிட்டு, பெரிய மாற்றம் இல்லை, தரவு சரி என்று சொல்பவர் தம் அளவில் நேர்மையாகவே சொல்கிறார். ஆனால் தோட்டத்துறை மிகச் சிறியது என்பதால், அதன் வரிசை முற்றாகத் தலைகீழானது அந்தச் சரிபார்ப்பில் தெரிவதே இல்லை. சிறுபான்மையின் தரவைச் சிறுபான்மைக்குள்ளேயே சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண்கணிதம் எனக்குத் தெரியாது.

சராசரியை விட்டு விகிதத்தை எடுத்தால் தப்பலாமா? 2,500க்குக் குறைவானோர் எத்தனை பேர் என்று எண்ணும்போது 9996 தொகுதியில் சேராது, பகுதியில் சேரும். நூற்றுக்கு 33 என்பது 0.96ஆல் பெருகி 31.7 ஆகிறது. வளர்ச்சி குன்றலுக்கும் இதேதான். நியமப் புள்ளியின் சராசரியை எடுப்பவர் தப்பிவிடுவார்: உண்மைச் சராசரி −1.5 ஆக இருக்கும் தோட்டத்தில் நூற்றுக்கு 3 பேருக்கு 99.98 என்று இருந்தால் சராசரி +1.5க்கு மேலே பாயும். தோட்டத்துப் பிள்ளைகள் உலகச் சுகாதார நிறுவனத்தின் நியமத்தையே தாண்டி வளர்ந்தவர்கள் என்று கோப்பு சொல்லும்போது எவரும் நிமிர்ந்து பார்ப்பார். −2க்குக் கீழே இருப்போரின் விகிதத்தை எடுப்பவருக்கோ 40 என்பது 38.8 ஆகத் தெரியும். அவர் எதையும் உணரமாட்டார். சராசரி கூச்சலிடும் இடத்தில் விகிதம் வாய்மூடி இருக்கிறது. நம் கொள்கை விவாதங்கள் எல்லாம் விகிதங்களில்தான் நடக்கின்றன. ஓர் அளவீட்டில் நூற்றுக்கு 2 பேரும் அடுத்ததில் நூற்றுக்கு 6 பேரும் அளக்கப்படாமல் போனால், பிள்ளைகளின் உடலில் எந்த மாற்றமும் இல்லாமலே குன்றல் குறைந்துவிட்டதாக ஒரு கோடு வரையலாம்.

இணைபுக்கு நேர்வது

சராசரியின் கதையை ஒரு பெருக்கலில் முடித்துவிடலாம். இணைபுக் குணகம் (தமிழ்நாட்டில் ஒட்டுறவு என்பர்) அப்படி அல்ல. குறியெண் அதை எந்தப் பக்கம் தள்ளும் என்பது, விடுபட்டவர்கள் யார் என்பதைப் பொறுத்தது. மூன்று நிலைகள் உண்டு, மூன்றும் தோட்டத் தரவில் வரக்கூடியவை.

முதலில் மாறற்றிறன். p என்பது விடுபட்டோர் பங்கு, D என்பது குறியெண்ணுக்கும் உண்மைச் சராசரிக்கும் உள்ள தூரம் என்றால், கலந்த தரவின் மாறற்றிறன் இது:

```
s² = (1 − p)·σ² + p·(1 − p)·D²
```

நம் தோட்டத்தில் p = 0.04, D = 7,296. நியம விலகல் 450 கிராமிலிருந்து 1,496 கிராமுக்கு ஏறுகிறது. இந்த வீக்கத்தில் பெரும்பகுதி உயிருள்ள எந்தக் குழந்தைக்கும் உரியதல்ல. நிறுக்கப்பட்டோருக்கும் நிறுக்கப்படாதோருக்கும் இடையிலான செயற்கைத் தூரம் அது.

தாயின் உயரத்துக்கும் குழந்தையின் பிறப்பு நிறைக்கும் உண்மையில் 0.25 இணைபு உண்டு என்க. நிறுக்கப்படாமை தாயின் உயரத்தோடு தொடர்பற்றது என்றும் கொள்வோம். அப்போது இணைபு 0.96 × 450 ÷ 1,496 என்ற அளவால் சுருங்கி 0.07 ஆகிறது. ஆய்வாளர், மலையகத்தில் தாயின் உயரம் முக்கியமல்ல என்று எழுதுவார். இது முதல் நிலை: உண்மையான உறவு கரைந்துபோதல். பாடநூல்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கின்றன.

இரண்டாவது நிலை மோசமானது. தாயின் பள்ளிக்கூட ஆண்டுகளுக்கும் பிறப்பு நிறைக்கும் +0.15 இணைபு இருக்கட்டும். பள்ளி ஆண்டுகளின் நியம விலகல் 3.5. நிறுக்கப்படாத குழந்தைகளின் தாய்மார் ஏனையோரைவிடச் சராசரியாக மூன்று ஆண்டுகள் குறைவாகப் படித்தவர்கள் என்று கொண்டால் (அதில் வியப்பில்லை), உடன்மாறற்றிறனில் இரண்டு பகுதிகள் மோதுகின்றன. நிறுக்கப்பட்டோரிடமிருந்து வரும் நேர்ப்பகுதி சுமார் 227. குறைவாகப் படித்த நால்வருக்குப் பத்துக் கிலோக் குழந்தை என்று எழுதியதால் வரும் எதிர்ப்பகுதி 0.04 × 0.96 × 7,296 × 3, அதாவது சுமார் 840. கூட்டினால் −614 அளவு, இணைபு −0.12. தாய் படிக்கப் படிக்கக் குழந்தை மெலிகிறது என்பது இதன் பொருள். ஆயிரக்கணக்கான பதிவுகள் உள்ள கோப்பில் இது புள்ளிவிபரப் பொருண்மை உடையதாகவும் வெளிவரும். விளக்கம் தேடுபவருக்கு விளக்கமும் கிடைக்கும்: படித்த பெண்கள் கொழும்புக்கு வேலைக்குப் போகிறார்கள், உணவு குறைகிறது என்று ஏதாவது ஒன்று. பிழையான எண்ணுக்குக் காரணம் கற்பிப்பது சரியான எண்ணுக்குக் காரணம் கற்பிப்பதைவிடக் கடினமாக இருந்ததே இல்லை.

மூன்றாவது நிலையில் இரு அளவுகளும் ஒரே ஆளிடம் விடுபடுகின்றன. அளவீட்டுக்காரர் காலையில் லயத்துக்கு வருகிறார். பெரட்டு முடிந்து தாய் மலைக்குப் போயிருக்கிறாள். பிள்ளை பிள்ளைக்காம்பராவிலோ உறவுக்காரர் வீட்டிலோ இருக்கிறது. மறுபடி வந்தும் கிடைக்காத பிள்ளைக்கு உயரமும் இல்லை, இரத்தப் பரிசோதனையும் இல்லை. ஒன்றில் 9994, மற்றதில் 994. இரண்டுக்கும் இடையே உண்மை இணைபு பூச்சியம் என்றே வைப்போம். உயரத்தின் சராசரி 850 மில்லிமீற்றர், நியம விலகல் 120. ஹீமோகுளோபின் சராசரி 115, நியம விலகல் 13. நூற்றுக்கு இரண்டு பேர் மட்டும் இரண்டிலும் விடுபட்டால் வரும் இணைபு 0.99. தொண்ணூற்றெட்டுப் பிள்ளைகள் ஓரிடத்தில் குவிந்திருக்க, வானத்தில் ஒரே புள்ளியில் இருவர் நிற்கிறார்கள்; கோடு அந்த இரு குவியல்களுக்கும் இடையே வரையப்படுகிறது. நல்வாய்ப்பாக 0.99 என்பது எவரையும் எச்சரிக்கும். ஆனால் பல மாறிகளை ஒன்றாக்கி ஒரு சுட்டெண் செய்யும்போது, அல்லது காரணிப் பகுப்பாய்வில் நுழைக்கும்போது, இந்த 0.99 வெளியே தெரியாமல் முதற் காரணியாக அமர்ந்துகொள்ளும். அது அளப்பது போசாக்கை அன்று, வீட்டில் இருந்தமையை.

தரவரிசை இணைபைப் பயன்படுத்தினால் பத்துக் கிலோவின் இழுவை அடங்கும். ஆனால் நிறுக்கப்படாத குழந்தை அங்கும் எல்லோரையும்விட மேல் வரிசையில்தான் நிற்கும். இழுவையின் அளவு குறையும், திசை மாறாது.

கண்டுபிடிக்கும் வழி

முதற் சான்று நியம விலகல். பிறப்பு நிறையின் நியம விலகல் 400க்கும் 600க்கும் இடையில் இருக்கும் என்பது துறையறிந்தவருக்குத் தெரியும். 1,496 என்று வந்தால் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. இரண்டாவது, சராசரிக்கும் இடையத்துக்கும் உள்ள தூரம். நம் உதாரணத்தில் சராசரி 2,992. இடையமோ வெறும் 24 கிராம் நகர்ந்து 2,724இல் நிற்கிறது. குறைமாதப் பிறப்புகளால் பிறப்பு நிறையின் வால் கீழ்ப்பக்கம் நீண்டிருக்கும். ஆகவே சராசரி இடையத்தைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதே இயல்பு. 268 கிராம் மேலே நின்றால் காரணம் ஒன்றே. இந்த இரண்டு சோதனைகளையும் துறைதோறும் தனித்தனியே செய்ய வேண்டும். ஆர் மொழியில் ஐந்தே வரி:

```r
table(d$m19[d$m19 >= 9000], useNA = "ifany")
tapply(d$m19, d$sector, function(x) c(sd = sd(x, na.rm = TRUE), mean = mean(x, na.rm = TRUE), median = median(x, na.rm = TRUE)))
d$bw <- ifelse(d$m19 >= 9000, NA, d$m19)
tapply(d$bw, d$sector, mean, na.rm = TRUE)
tapply(d$m19 == 9996, d$sector, mean, na.rm = TRUE)
```

கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. என் பார்வையில் அதுவே முதன்மையானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

உண்மை அளவின் எல்லைக்குள்ளேயே குறியெண் விழுந்தால் மேற்சொன்ன சோதனைகள் உதவா. நாளுக்கு விழுந்த மழையை மில்லிமீற்றரில் எழுதும் தோட்டப் பதிவில் பதியாத நாளுக்கு ஒருவர் 99.9 என்று குறித்தால், வட்டவளைப் பக்கத்தில் யூன் மாதம் அதை மழை என்றே எவரும் எடுப்பர். உலக வானிலைக் கோப்புகள் −9999 என்று எழுதுவதன் நன்மை இங்கே தெரியும்: கூட்டினால் ஆண்டு மழை எதிர்மறையாகி உடனே காட்டிக்கொடுக்கும். பூச்சியத்தை விடுபாட்டுக்கு வைப்பதும் இதே வகை ஆபத்து. அமெரிக்காவின் பீமா பழங்குடிப் பெண்களின் நீரிழிவுத் தரவு, 768 பேரைக் கொண்டது, உலகெங்கும் மாணவர் பயிற்சிக்குப் பயன்படுவது. அதில் 374 பேருக்கு இன்சுலின் அளவு பூச்சியம் என்று இருக்கிறது. 35 பேருக்கு இரத்த அழுத்தமும் பூச்சியம். உயிரோடு இருப்பவருக்கு அது முடியாது என்று கேட்காமலே எத்தனையோ மாதிரியுருக்கள் அதன்மேல் கட்டப்பட்டன.

சுத்தம் செய்த பிறகும் ஒரு பொறி உண்டு. ஸ்டேட்டா மென்பொருளில் விடுபாடு எந்த எண்ணையும்விடப் பெரியதாகக் கொள்ளப்படுகிறது. 9996ஐ முறைப்படி விடுபாடாக மாற்றிவிட்டு, நிம்மதியோடு கீழ்வரும் வரியை எழுதினால்,

```stata
gen lbw = bw < 2500
```

நிறுக்கப்படாத குழந்தை மறுபடியும் நிறை குறையாத குழந்தையாகவே பதிவாகும். துளையட்டையின் ஒன்பது, வேறு உருவில் திரும்பிவிட்டது. `if !missing(bw)` என்ற ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்.

நீக்கிவிட்டால் போதுமா

குறியெண்ணை நீக்கு என்பதோடு பெரும்பாலான வழிகாட்டிகள் முடிகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. நீக்கும்போது, நிறுக்கப்படாத குழந்தைகள் நிறுக்கப்பட்டோரைப் போன்றவர்கள் என்று சத்தமின்றி ஏற்றுக்கொள்கிறோம். வழியில் பிறந்ததும், பிறந்தவுடன் இறந்ததும் சராசரிக் குழந்தையைப் போன்ற நிறையோடு இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. மேலும் 9996க்கும் 9998க்கும் வேறுபாடு உண்டு. ஒன்று சேவை எட்டாமை. மற்றது பதிவேடு கையில் இல்லாமை, அல்லது தாய்க்கு எண் சொல்லப்படாமை. இரண்டையும் ஒரே வெற்றிடமாக்கினால், பணம் செலவழித்துச் சேகரித்த ஒரு தகவலை நாமே அழிக்கிறோம்.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும் முறையை 1996இல் போர்மாவும் உடனாய்வாளர்களும் முன்வைத்தனர். பிறந்தபோது குழந்தை எவ்வளவு பெரியதாக இருந்தது என்று எல்லாத் தாய்மாரிடமும் கேட்கப்படுகிறது: மிகப் பெரிது, சராசரியிலும் பெரிது, சராசரி, சிறிது, மிகச் சிறிது. நிறுக்கப்பட்டோரிடையே ஒவ்வொரு வகையிலும் நிறை குறைந்தோர் விகிதத்தைக் கண்டு, அதையே நிறுக்கப்படாதோருக்கும் பொருத்துவதுதான் முறை. தோட்டத்தில் 1,000 பிறப்புகள், 960 நிறுக்கப்பட்டவை என்று கொண்டு, எளிமைக்காக ஐந்து வகையை இரண்டாக்குவோம். சிறியது என்று தாய் சொன்ன 240இல் 168 பேர், அதாவது நூற்றுக்கு 70, நிறை குறைந்தோர். சராசரி அல்லது பெரியது என்ற 720இல் 144 பேர், நூற்றுக்கு 20. நிறுக்கப்படாத 40 பேரில் 24 பேரைத் தாய்மார் சிறியது என்கிறார்கள், 16 பேரைச் சராசரி என்கிறார்கள். எதிர்பார்க்கும் நிறை குறைந்தோர் 16.8 + 3.2, அதாவது 20. ஆக நூற்றுக்கு 33.2. குறியெண்ணை நீக்கியவருக்குக் கிடைப்பது 32.5. குறியெண்ணை நிறை குறையாதவராக எண்ணியவருக்கு 31.2. மூன்று விடைகளும் ஒரே கோப்பிலிருந்து வந்தவை. உண்மைக்கு அருகே முதலாவதே இருக்கக் கூடும்.

இம்முறைக்கு எல்லை உண்டு. மூன்றில் ஒரு குழந்தை நிறை குறைந்து பிறக்கும் இடத்தில் ஒரு தாய் சராசரி என்று சொல்வது, அவள் கண்ட குழந்தைகளின் சராசரியை. ஆகவே நாடு முழுவதற்கும் கணித்த விகிதங்களைத் தோட்டத்துக்குப் பொருத்தினால் மறுபடியும் நிறைகுறைவு மறையும். தோட்டத்துறைக்குள்ளேயே, அதன் நிறுக்கப்பட்ட குழந்தைகளைக் கொண்டே விகிதம் காண வேண்டும். மாதிரி சிறியதென்றால் பிழை எல்லை அகலும். அதைச் சொல்லிவிட்டு அகலமாகவே வெளியிடலாம். இறந்த குழந்தையைப் பற்றிய வினாவுக்குத் தாய் விடை சொல்லாமல் விட்டிருந்தால் எந்த முறையும் அவளுக்காகப் பேச முடியாது.

இதனால் இரண்டு கோரிக்கைகள் எழுகின்றன. நுவரெலியா, பதுளை மாவட்டத் தரவை வைத்துக் கட்டுரை எழுதுவோர், துறைவாரி அட்டவணை ஒவ்வொன்றிலும் நிறுக்கப்படாதோர், நினைவில்லாதோர், வீட்டில் இல்லாதோர் என்று தனித்தனி நிரல்களில் எண்ணிக்கையை அச்சிட வேண்டும். இந்த இதழ் உட்பட மலையக ஆய்வுகளை வெளியிடும் இதழ்களின் ஆசிரியர் குழுக்கள், அந்நிரல்கள் இல்லாத அட்டவணையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.